ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கும் 300: மீனெண்ணெய்க் குளிசை இறக்குமதியாளர்களுக்கும் லேபிளுக்கு அனுமதி கொடுப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

போன மாதம் உங்கள் நிறுவனங்களில் ஒன்றிலிருந்து எங்கள் மருந்துக்கடைக்கு இரண்டு பெட்டி மீனெண்ணெய்க் குளிசை வந்தது. போத்தலின் முன்பக்கத்தில் 'ஒமேகா-3 பிஷ் ஒயில் 1000 மில்லிகிராம்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. பின்பக்கத்தில் விலையும் இறக்குமதியாளரின் முகவரியும் காலாவதித் திகதியும் போட்ட உங்கள் வெள்ளை ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கரை ஒட்டியிருந்த இடம், குளிசைக்குள் என்ன எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் சிறிய அட்டவணையின் மேலேயே. இரண்டு பெட்டியிலும் ஒரு போத்தல் விடாமல் அதே இடத்தில் ஒட்டியிருந்தது.

நான் எழுதிக் கேட்டேன். லேபிள் உற்பத்தி நாட்டின் விதிகளுக்கு ஏற்ப இருக்கிறது, ஸ்டிக்கர் நம் நாட்டின் தேவைக்கு ஏற்ப ஒட்டப்பட்டிருக்கிறது, ஆகவே மாற்றம் எதுவும் அவசியமில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலை வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நான் திருகோணமலை நகரில் 14 வருடமாக மருந்தாளராக வேலை செய்கிறேன். உங்கள் போத்தலை வாங்குகிற கைகளைத் தினமும் பார்க்கிறவள். அதனால் என் பெரியப்பாவின் கதையிலிருந்தே தொடங்குகிறேன். அதில் எனக்கும் ஒரு பிழை இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பெரியப்பா திருக்கடலூரில் இருக்கிறார். வயது 67. போன வருடம் இரத்தப் பரிசோதனையில் அவருடைய ட்ரைகிளிசரைட் 438 வந்தது. 150க்குக் கீழே இருக்க வேண்டிய கொழுப்பு அது. டொக்டர் சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டு, துண்டில் 'ஒமேகா-3, நாளுக்கு 2 கிராம்' என்று எழுதிக் கொடுத்தார். பெரியப்பா என் கடைக்குத்தான் வந்தார். 100 குளிசை உள்ள போத்தல் ஒன்றை எடுத்து, முன்பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார்.

"பிள்ளை, ரெண்டு கிராம் எண்டு எழுதினவர். இதில ஆயிரம் எண்டு கிடக்கு. அப்ப ரெண்டு போட்டாச் சரிதானே?"

கடையில் சனம் நின்றது. நான் போத்தலைத் திருப்பிப் பார்க்கவில்லை. "சரி பெரியப்பா, சாப்பாட்டோட போடுங்கோ" என்றேன்.

அவர் ஒரு நாள் தவறாமல் போட்டார். இரண்டு போத்தல் முடிந்தது. ஒரு போத்தல் 4,500 ரூபா, ஆக 9,000 ரூபா. மூன்று மாதத்துக்குப் பிறகு திரும்பவும் பரிசோதித்தபோது 429. அசையவே இல்லை என்று சொல்லலாம், ஏனென்றால் ஒரே ஆளுக்கு இந்தக் கிழமை ஒன்றும் அடுத்த கிழமை ஒன்றும் எடுத்தாலே ட்ரைகிளிசரைட் அதைவிட அதிகமாக ஏறி இறங்கும். டொக்டர் துண்டைப் பார்த்தார், 2 கிராம் போட்டும் இறங்கவில்லை, ஒமேகா-3 இவருக்குச் சரிவரவில்லை, வேறு மருந்து சேர்க்க வேண்டியதுதான் என்று சொன்னார். அவர் சொன்னதில் பிழை இல்லை. தான் எழுதிய 2 கிராம் நோயாளியின் வயிற்றுக்குள் போனது என்று நம்பித்தான் அவர் அந்த முடிவுக்கு வந்தார்.

அது போகவில்லை. அன்றைக்கு இரவு வீட்டில் பெரியப்பாவின் வெறும் போத்தலை எடுத்து, ஸ்டிக்கரின் ஓரத்தில் தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டு, நகத்தால் மெல்லச் சுரண்டினேன். கிழிந்து கிழிந்துதான் வந்தது. அடியில் பசையோடு எழுத்துகள் தெரிந்தன. மீனெண்ணெய் 1000 மில்லிகிராம். அதற்குக் கீழே, இ.பி.ஏ. 180 மில்லிகிராம். டி.எச்.ஏ. 120 மில்லிகிராம். அடிமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். முன்பக்கத்து '1000' எட்டு மில்லிமீட்டர் உயரம். பின்பக்கத்து '180' ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் வரும், எள்ளைவிடச் சின்னது.

இ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும்தான் மீனெண்ணெயில் நமக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பமிலங்கள். டொக்டர்மார் 'ஒமேகா-3' என்று எழுதும்போது மனதில் வைத்திருப்பது இந்த இரண்டின் கூட்டுத்தொகையை. 180உம் 120உம் சேர்ந்தால் 300. பெரியப்பா ஒரு குளிசையில் 1000 கிடைக்கிறது என்று நினைத்தார், கிடைத்தது 300. நாளுக்கு 2,000 என்று எழுதிய இடத்தில் 600 போனது. ட்ரைகிளிசரைட்டை இறக்க நாளுக்கு 2 முதல் 4 கிராம் வரை இ.பி.ஏ., டி.எச்.ஏ. வேண்டும், அதுவும் டொக்டரின் கண்காணிப்பில் எடுக்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2002இலேயே சொல்லிவிட்டது. 600இல் 429 வந்ததில் புதுமை ஒன்றும் இல்லை.

நீங்கள் பொய் அச்சிட்டதாக நான் சொல்லவில்லை. ஒரு குளிசைக்குள் 1000 மில்லிகிராம் எண்ணெய் இருப்பது உண்மைதான். குளிசைக்கென்று உலகச் சந்தைக்கு வரும் சாதாரண மீனெண்ணெயில் பெரும்பகுதி பெரு நாட்டுக் கரையில் பிடிபடும் அன்கோவெட்டா மீனிலிருந்து எடுப்பது. நம் ஊர் நெத்தலியின் சொந்தக்கார மீன் அது. அதன் எண்ணெயில் இயற்கையாகவே நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்கு இ.பி.ஏ., 12 பங்கு டி.எச்.ஏ. இருக்கும். இந்த வியாபாரத்தில் அந்த எண்ணெய்க்குப் பெயரே '18/12' என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மிச்சம் 700 மில்லிகிராமும் எண்ணெய்தான். பாமிட்டிக் அமிலம், ஒலெயிக் அமிலம் என்று நாம் தினமும் சமையலில் சாப்பிடுகிற கொழுப்புகள்தான் அதில் பெரும்பங்கு. கெடுதல் இல்லை. ஆனால் அதற்காக யாரும் 45 ரூபா கொடுத்து ஒரு குளிசை வாங்குவதில்லை.

ஒரு போத்தல் தேங்காய்ப்பாலுக்குள் ஒரு போத்தல் தேங்காயெண்ணெய் இருக்கிறது என்று எங்கள் ஊரில் ஒருவரும் நினைக்க மாட்டார்கள், ஏனென்றால் தேங்காய்ப்பாலைக் கண்ணால் பார்த்து, கையால் பிழிந்து பழகியிருக்கிறார்கள். மீனெண்ணெய்க்குள் ஒமேகா-3 எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஊசியால் குத்தி ஒரு கரண்டியில் பிழிந்து பார்த்தாலும் 18/12 எண்ணெயும் ஒமேகா-3இன் பங்கைக் கூட்டிச் செறிவாக்கிய எண்ணெயும் ஒரே வெளிர்மஞ்சள்தான். குளிசையை நிறுத்துப் பார்த்தும் பயனில்லை, ஜெலட்டினும் கிளிசரினும் சேர்ந்த ஓட்டின் எடையால் 1000 மில்லிகிராம் எண்ணெய் உள்ள குளிசை 1400க்குக் கிட்டக் காட்டும். லேபிளைத் தவிர வாங்குகிறவருக்கு வேறு வழி கிடையாது. அந்த லேபிளின் மேல்தான் நீங்கள் ஸ்டிக்கர் ஒட்டுகிறீர்கள்.

முன்பக்கத்தில் 'ஒமேகா-3' என்ற பெயரும் '1000' என்ற எண்ணும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இருக்கின்றன. 'பிஷ் ஒயில்' என்பது இரண்டுக்கும் நடுவில் மெல்லிய எழுத்தில் இருக்கிறது. வாசிக்கிற எவரும் ஒமேகா-3 ஆயிரம் என்றுதான் வாசிப்பார். பெரியப்பா அப்படித்தான் வாசித்தார். மருந்தாளர் படிப்புப் படித்த நானும் அந்த அவசரத்தில் அப்படித்தான் வாசித்தேன்.

டொக்டர்மாரும் அப்படி வாசிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1999இல் இத்தாலியில் மாரடைப்பு வந்து பிழைத்த பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த 'கிஸ்ஸி' ஆய்வு வெளியானது. நாளுக்கு 1 கிராம் குளிசை ஒன்று என்று கொடுத்தார்கள். அதிலிருந்துதான் 'இதயத்துக்கு ஒமேகா-3 ஒரு கிராம்' என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அந்த ஒரு கிராம் குளிசைக்குள் இருந்த இ.பி.ஏ., டி.எச்.ஏ. 850 மில்லிகிராமுக்கும் மேல். அது செறிவாக்கிய மருந்துக் குளிசை. பிறகு வந்த ஆய்வுகள் அந்த ஆய்வின் பலனை அவ்வளவு உறுதியாகக் காட்டவில்லை என்பது வேறு கதை. ஆனால் 'ஒரு கிராம்' என்ற சொல் மட்டும் அங்கிருந்து கிளம்பி வந்து, 300 மில்லிகிராம் குளிசையின் போத்தலில் உட்கார்ந்துகொண்டது. அந்த '1000'ஐப் பார்க்கிற டொக்டருக்கு ஆய்வில் கொடுத்ததே இங்கேயும் கிடைக்கிறது என்று தோன்றினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தது காசு. எங்கள் கடையில் இரண்டு வகை இருக்கிறது. முதலாவது பெரியப்பா வாங்கியது, 100 குளிசை 4,500 ரூபா. இரண்டாவது செறிவாக்கிய எண்ணெய், 60 குளிசை 5,880 ரூபா. அதில் ஒரு குளிசையில் இ.பி.ஏ. 400, டி.எச்.ஏ. 300, மொத்தம் 700 மில்லிகிராம். இரண்டாவதின் முன்பக்கத்திலும் '1000' என்றே பெரிதாகப் போட்டிருக்கிறது, எண்ணெயின் எடை அதுதானே. ஆக, வாங்குகிறவர் தட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிறார். இரண்டும் 1000. ஒன்று குளிசைக்கு 45 ரூபா, மற்றது 98 ரூபா. மலிவானதை எடுக்கிறார். நானாக இருந்தாலும் அதைத்தான் எடுப்பேன்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். முதல் போத்தல் முழுக்க இருக்கும் இ.பி.ஏ., டி.எச்.ஏ. 30 கிராம். 4,500ஐ 30ஆல் பிரித்தால் கிராமுக்கு 150 ரூபா. இரண்டாவது போத்தலில் 42 கிராம். 5,880ஐ 42ஆல் பிரித்தால் கிராமுக்கு 140 ரூபா. விலை கூடியது என்று சனம் வைத்துவிட்டுப் போகிற போத்தல்தான் உண்மையில் மலிவு. முன்பக்கத்தில் 300 என்றும் 700 என்றும் போட்டிருந்தால் என் பெரியப்பா விரல் விட்டே எண்ணியிருப்பார். கரைவலைக் கணக்கில் ஆளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தவர் அவர், இந்தக் கணக்கு அவருக்குப் பெரிதில்லை. எண் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் நான் அந்த டொக்டரிடம் நேரே போய், போத்தலையும் காட்டி, என் பிழையையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு புதுத் துண்டு எடுத்து, 'இ.பி.ஏ. + டி.எச்.ஏ. 2.1 கிராம்' என்று எழுதி, 700 மில்லிகிராம் குளிசை மூன்று, சாப்பாட்டோடு என்று மாற்றினார். இன்னும் மூன்று மாதத்தில் 352க்கு வந்தது. அந்த மாதங்களில் பெரியப்பா சீனித் தேநீரையும் விட்டிருந்தார், ஆகவே இறங்கியது முழுவதும் குளிசையால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சேர்க்கவிருந்த மற்ற மருந்து இன்று வரை சேர்க்கப்படவில்லை.

300 தான் இருக்கிறது என்று தெரிந்தால் கூடப் போட்டுக்கொள்ளட்டுமே என்று உங்களில் ஒருவர் தொலைபேசியில் என்னிடம் சொன்னார். 2 கிராமுக்கு ஏழு குளிசை வேண்டும். ஏழு குளிசை என்றால் 7 கிராம் எண்ணெய், அதில் கிட்டத்தட்ட 5 கிராம் வேண்டாத கொழுப்பு. நாளுக்கு 315 ரூபா. செறிவானதில் மூன்று குளிசைக்கு 294 ரூபா. ஏழு பெரிய குளிசையை ஒரு நாளில் விழுங்குகிற முதியவர்களின் ஏவறையும் வயிற்றுப் பிரச்சினையும் தனி. அதைவிட முக்கியமானது இது. கிண்ணியாவிலிருந்து வருகிற ஒரு அக்கா, இதய வால்வு மாற்றியவர், வார்ஃபரின் எடுக்கிறவர். யாரோ சொல்லிக் கேட்டு, 'அப்ப நானும் ஏழு போடவா' என்று கேட்டார். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறவர் அதிக அளவு ஒமேகா-3ஐத் தன்பாட்டில் தொடங்கக் கூடாது. நாளுக்கு 4 கிராம் கொடுத்த பெரிய ஆய்வுகளில் இதயத்துடிப்பு ஒழுங்கு கெடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கூடியதும் தெரிய வந்திருக்கிறது. ஆகவே, இல்லாததை இருப்பதாக நினைத்துக் குறைவாக எடுப்பது ஒரு பக்கம் என்றால், குத்துமதிப்பாகக் கூட எடுப்பது மற்றப் பக்கம். உண்மையான எண் முன்னுக்கு இருந்தால் இரண்டுக்கும் இடமில்லை.

கொட் லிவர் ஒயில் குளிசையை இதோடு சேர்த்து விற்கும் பழக்கம் இன்னும் மோசம். ஒரே தட்டில், ஒரே நிறப் போத்தலில், இரண்டுக்கும் 'ஒமேகா-3' என்று முன்பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். அது மீனின் ஈரலிலிருந்து எடுக்கும் எண்ணெய், அதில் விட்டமின் ஏயும் டியும் சேர்ந்திருக்கும். ஒமேகா-3 போதவில்லை என்று அதைக் கூட்டிக் கூட்டிப் போட்டால் விட்டமின் ஏயும் சேர்ந்து கூடும். கர்ப்பிணிகளுக்கு அது அதிகமானால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஆபத்து. நிலாவெளியில் இருந்து ஒரு தங்கச்சி ஐந்தாம் மாதத்தில் வந்து, பிள்ளையின் மூளைக்கு நல்லது என்று அதை இரண்டு இரண்டாகப் போடுவதாகச் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. உடனே நிறுத்தச் சொல்லி, கிளினிக்குக்கு அனுப்பினேன்.

லேபிளில் இன்னும் இரண்டு இடத்தில் கணக்கு வழுக்குகிறது. ஒன்று, சில போத்தல்களில் அட்டவணைக்கு மேலே 'ஒரு தடவை அளவு: 2 குளிசை' என்று இருக்கும். முன்பக்கத்தில் ஒமேகா-3 600 என்று போட்டிருப்பார்கள், அது இரண்டு குளிசைக்கான கணக்கு. வாங்குகிறவர் ஒன்றுக்கு என்று எடுத்துக்கொள்கிறார். மற்றது, 'மொத்த ஒமேகா-3' என்று ஒரு வரி வரும். அதில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. தவிர்ந்த வேறு ஒமேகா-3 கொழுப்பமிலங்களும் சேர்ந்திருக்கும், ஆகவே அந்த எண் எப்போதும் கொஞ்சம் கூடத் தெரியும். என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பது சுருக்கமானது. போத்தலைத் திருப்புங்கள், இ.பி.ஏ.யையும் டி.எச்.ஏ.யையும் மட்டும் கூட்டுங்கள், மேலே எத்தனை குளிசைக்கு என்று எழுதியிருக்கிறதோ அதால் பிரியுங்கள். அந்த இரண்டு வரியும் இல்லாத போத்தலை வாங்காதீர்கள். இந்த வேலையை மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு 67 வயது மனிதர் கடை வாசலில் நின்று, ஆங்கிலத்தில், ஸ்டிக்கருக்கு அடியில் செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதான் என் முறைப்பாடு.

உங்கள் பதிலோடு ஒரு பரிசோதனைச் சான்றிதழின் நகலும் அனுப்பியிருந்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அதைக் கவனமாக வாசித்தேன். இ.பி.ஏ. 18.2, டி.எச்.ஏ. 12.1 என்று இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் 'பரப்பளவு விழுக்காடு' என்றும் இருக்கிறது. கேஸ் குரோமட்டோகிராஃபியில் ஒவ்வொரு கொழுப்பமிலத்துக்கும் ஒரு முகடு வரும், எல்லா முகடுகளின் பரப்பையும் கூட்டி, அதில் இது எத்தனை பங்கு என்று சொல்வதுதான் அந்த எண். கொழுப்பமிலங்களுக்குள் எத்தனை பங்கு என்பதை அது காட்டும். ஒரு கிராம் எண்ணெயில் எத்தனை மில்லிகிராம் என்பதைக் காட்டாது. எண்ணெயின் எடையில் கிளிசரோலும் ஒரு பங்கு, இயந்திரத்தில் முகடாக வராதவையும் உண்டு. அதனால் 18.2 பரப்பளவு விழுக்காட்டை அப்படியே 182 மில்லிகிராம் என்று லேபிளில் ஏற்ற முடியாது, உண்மை அளவு அதைவிடச் சில விழுக்காடு குறைந்துதான் நிற்கும். பெரிய தொகை அல்ல. ஆனால் 300ஏ மறைந்து கிடக்கிற இடத்தில், அந்த 300உம் முழு 300 தானா என்பதற்கு நீங்கள் கொடுத்த தாள் சான்றாகாது. அதை அறிந்துதான் அனுப்பினீர்களா, அறியாமல் அனுப்பினீர்களா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் எனக்குக் கவலைதான்.

இதையெல்லாம் சொல்லும்போது, மீன் சாப்பிடுகிற ஊரில் குளிசை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். சாதாரண ஆளுக்கு அந்தக் கேள்வி சரியானது. டின்னில் அடைத்த சாளையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் இ.பி.ஏ., டி.எச்.ஏ. இருக்கும், அதாவது பெரியப்பா வாங்கிய குளிசையில் மூன்றுக்கு மேல். நோய் இல்லாதவர் கேட்டால், கிழமைக்கு இரண்டு மூன்று தடவை சாளையோ சூடையோ குழம்பு வையுங்கள், காசை வீணாக்காதீர்கள் என்றே சொல்லி அனுப்புகிறேன். கடை முதலாளிக்கும் அது தெரியும். ஆனால் டொக்டர் அளவு எழுதிக் கொடுத்தவருக்குக் குளிசை ஒரு மருந்து. மருந்துக்கு அளவு தெரிய வேண்டும். பரசிட்டமோல் அட்டையில் 500 என்று இருந்தால் அதில் 500 பரசிட்டமோல் இருக்கிறது, மாவும் சேர்த்து 500 என்று யாரும் போடுவதில்லை.

இனி நான் கேட்பது.

இறக்குமதி செய்பவர்களிடம் முதலாவது, ஸ்டிக்கர். உள்ளடக்க அட்டவணையின் மேல் எதையும் ஒட்டாதீர்கள். இப்போது கடைகளில் கிடக்கும் போத்தல்களுக்கு, ஒரு குளிசையில் இ.பி.ஏ. எவ்வளவு, டி.எச்.ஏ. எவ்வளவு என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட துணை ஸ்டிக்கர் ஒன்றை இரண்டு மாதத்துக்குள் அனுப்புங்கள். நாங்களே கடையில் ஒட்டிக்கொள்கிறோம், அந்த வேலைக்கு நான் கூலி கேட்க மாட்டேன்.

அடுத்த இறக்குமதிக்கு முன்பக்கத்தை மாற்றச் சொல்லுங்கள். 'ஒமேகா-3' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வரும் எண், ஒரு குளிசையில் உள்ள இ.பி.ஏ., டி.எச்.ஏ. கூட்டுத்தொகையாகவே இருக்க வேண்டும். எண்ணெயின் எடையைப் போட விரும்பினால் போடுங்கள், ஆனால் 'மீனெண்ணெய்' என்ற சொல்லோடு, அந்தக் கூட்டுத்தொகையைவிடப் பெரிதாகாத எழுத்தில். இரண்டு குளிசைக்கு, மூன்று குளிசைக்கு என்று கணக்குக் காட்டுவதை விட்டு, ஒரு குளிசைக்கு என்றே போடுங்கள். ஈரல் எண்ணெயை வேறு நிறப் போத்தலில், 'கர்ப்பிணிகள் டொக்டரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்' என்ற வரியோடு, மூன்று மொழியிலும் கொண்டுவாருங்கள்.

ஒவ்வொரு தொகுதிக்கும், ஒரு கிராம் எண்ணெயில் எத்தனை மில்லிகிராம் என்று அளந்த பரிசோதனை முடிவை மருந்தாளர் கேட்டால் கொடுங்கள். பரப்பளவு விழுக்காட்டுத் தாள் வேண்டாம்.

அனுமதி கொடுக்கும் அதிகாரிகளிடம் கேட்பது, இவற்றை நிறுவனங்களின் நல்ல மனதுக்கு விடாமல் அனுமதியின் நிபந்தனையாக்குங்கள் என்பது. மாதிரி லேபிளைப் பார்க்கும்போது உள்ளூர் ஸ்டிக்கர் ஒட்டிய போத்தலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நீங்கள் பார்த்து ஒப்பமிடுகிற வெறும் லேபிள் எங்கள் தட்டுக்கு வருவதில்லை. வருடத்துக்கு ஒரு தடவையாவது திருகோணமலை, மூதூர், கிண்ணியா போன்ற ஊர்களின் கடைகளிலிருந்து போத்தல் எடுத்து, உள்ளே இருப்பது லேபிளோடு ஒத்துப்போகிறதா என்று அளந்து, முடிவைப் பெயரோடு வெளியிடுங்கள்.

என் மாவட்டத்து டொக்டர்மாரிடமும் ஒன்று கேட்கிறேன். துண்டில் 'ஒமேகா-3 2 கிராம்' என்று எழுதாமல் 'இ.பி.ஏ. + டி.எச்.ஏ. 2 கிராம்' என்று எழுதுங்கள். மிச்சத்தை நாங்கள் கணக்குப் போட்டுக் கொடுக்கிறோம்.

இறக்குமதியாளர்களின் பதிலை இந்த முறை எழுத்தில், திகதியோடு, எந்த மாதத்திலிருந்து ஸ்டிக்கர் இடம் மாறும் என்ற விபரத்தோடு எதிர்பார்க்கிறேன். அதுவரை பெரியப்பா வாங்கிய அந்த வகைப் போத்தல் ஒவ்வொன்றின் மூடியிலும் நான் பேனையால் '300' என்று எழுதியே விற்பேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளர்
திருகோணமலை